ஒரே ஊர், ஒரே கடை: விளம்பர எல்லையை எவ்வளவு தூரத்துக்கு வரைவது?

ஒரே ஒரு கடைக்கு இணையத்தில் விளம்பரம் போடுகிறவர்கள் பெரும்பாலும் படத்துக்கும் வாசகத்துக்கும் நேரம் செலவழிக்கிறார்கள். இடத்தைத் தேர்வு செய்யும் பகுதியில் ஊர்ப் பெயரைத் தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். பணம் வீணாகும் முதல் இடம் அதுதான். கடைக்கு ஒருபோதும் வர முடியாத ஒருவர் விளம்பரத்தைக் கிளிக் செய்தால், வாசகம் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

இந்த வழிகாட்டியில் கூகுள் தேடல் விளம்பரத்தை முதன்மையாக வைத்து, எல்லையை எப்படி முடிவு செய்வது, எப்படிப் பதிவு செய்வது, சரியாக ஓடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று பார்க்கலாம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களில் என்ன மாறும் என்பது கடைசியில் வருகிறது. எடுத்துக்காட்டுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையைக் கற்பனை செய்துகொள்வோம். எண்களும் கணக்கை விளக்கச் சொல்பவைதான்.

வட்டம் கொஞ்சம் பெரிதானால் என்ன ஆகும்

ஆரத்தை 5 கிலோமீட்டரிலிருந்து 10 ஆக்கினால் எல்லை இரண்டு மடங்காகிறது என்று தோன்றும். உண்மையில் பரப்பு நான்கு மடங்காகிறது. 5 கி.மீ. ஆரத்தில் சுமார் 79 சதுர கிலோமீட்டர், 10 கி.மீ. ஆரத்தில் சுமார் 314. அதாவது, பெரிய வட்டத்தின் முக்கால் பங்கு நீங்கள் புதிதாகச் சேர்த்த வெளி வளையத்தில்தான் இருக்கிறது. கடையிலிருந்து மிகவும் தள்ளியிருக்கும் ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

பட்ஜெட் மாறாமல் வட்டம் மட்டும் பெரிதானால், பணம் இந்த வெளி வளையத்தை நோக்கி நகரும். மக்கள் எங்கும் சமமாகப் பரவி வாழ்வதில்லை என்பதால் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அந்த வளையத்துக்குள் இன்னொரு பெரிய ஊர் வந்துவிட்டால் நிலைமை மேலும் மோசமாகும். உங்கள் ஊரைவிட அங்கே தேடுகிறவர்கள் அதிகம் என்றால், உங்கள் பட்ஜெட்டில் பெரும்பகுதி பக்கத்து ஊர்க்காரர்களின் கிளிக்குகளுக்கே போய்விடும். அவர்களுக்கோ வீட்டருகிலேயே நான்கு கடைகள் இருக்கும்.

முதல் வேலை: பில் புத்தகத்தை எடுங்கள்

எந்த எல்லை சரி என்பதற்கான பதில் விளம்பரத் தளத்தில் இல்லை, உங்கள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அண்மையில் வந்த 200 வாடிக்கையாளர்களின் பில்களை எடுத்துக்கொள்ளுங்கள். முகவரி இல்லாவிட்டால் பகுதியின் பெயர் போதும். அதுவும் இல்லையென்றால், இரண்டு மூன்று வாரம் பில் போடும்போது "எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டு ஓர் ஓரத்தில் எழுதி வையுங்கள். பிறகு ஒரு வரைபடத்தில் கடையை நடுவில் வைத்து, எந்தத் தொலைவில் எத்தனை பேர், எந்தத் திசையில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள்.

நம் கண்ணாடிக் கடையில் 200 பேரில் 118 பேர் 3 கிலோமீட்டருக்குள் இருக்கிறார்கள். 3 முதல் 6 வரை 48 பேர். 6 முதல் 10 வரை 22 பேர். மீதி 12 பேர் அதற்கும் அப்பால். ஆக, 6 கிலோமீட்டருக்குள்ளேயே 83 விழுக்காட்டினர் வந்துவிட்டார்கள். 6 முதல் 10 வரையிலான வளையம் 10 கி.மீ. வட்டத்தின் பரப்பில் 64 விழுக்காடு. அதிலிருந்து வந்தவர்களோ 11 விழுக்காடு மட்டுமே.

பத்தில் எட்டுப் பேர் எந்தத் தொலைவுக்குள் அடங்குகிறார்களோ, அதை முதல் எல்லையாக எடுத்துக்கொள்வது நல்ல தொடக்கம். பத்துக்குப் பத்தையும் பிடிக்க முயன்றால் வட்டம் அளவில்லாமல் விரிந்துவிடும். தொலைவிலிருந்து வந்த கடைசிச் சிலர் பெரும்பாலும் உறவினர் வீட்டுக்கு வந்தவர்களாகவோ, யாரோ சொல்லி வந்தவர்களாகவோ இருப்பார்கள். விளம்பரத்தால் அவர்களைக் கூட்டிவர முடியாது.

இந்தக் கணக்குக்கு ஒரு குறை உண்டு. பில்கள் வந்தவர்களை மட்டுமே காட்டும். கடையைப் பற்றித் தெரிந்திருந்தால் வந்திருப்பார்கள் என்ற ஆட்களைக் காட்டாது. அதனால் பில் தரும் எல்லையை இறுதியானது என்று எடுக்காமல், அதைத் தாண்டிய ஒரு பகுதியைச் சிறிய பட்ஜெட்டில் சோதித்துப் பார்க்க இடம் விட வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

விற்கும் பொருளே தூரத்தைத் தீர்மானிக்கிறது

அன்றாடம் வாங்கும் பொருளுக்கு மக்கள் தெருமுனையைத் தாண்ட மாட்டார்கள். வாழ்நாளில் இரண்டு மூன்று முறை வாங்கும் கட்டிலுக்கும் இசைக்கருவிக்கும் ஒரு மணி நேரம் பயணம் செய்வார்கள். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலர் கவனிக்காதது, ஒரு விற்பனைக்கு வாடிக்கையாளர் எத்தனை முறை கடைக்கு வரவேண்டும் என்பதை.

கண்ணாடிக் கடைக்கு ஒருவர் பார்வைப் பரிசோதனைக்கு ஒரு முறை வருகிறார். கண்ணாடி தயாரானதும் வாங்க இன்னொரு முறை. மூக்கில் சரியாக உட்காராவிட்டால் மூன்றாம் முறை. 9 கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு இது ஒரு பயணமில்லை, மூன்று பயணம். அதே தொலைவில் ஒரு கட்டில் கடை இருந்தால், அவர் ஒரு முறை வந்து தேர்ந்தெடுத்தால் போதும், பொருள் வீட்டுக்கு வந்துவிடும். இரண்டும் எப்போதாவது வாங்கும் பொருள்கள்தான். ஆனால் கண்ணாடிக் கடையின் வட்டம் சிறியதாகத்தான் இருக்க வேண்டும். பழுது பார்க்கும் கடை, தையல் கடை, அளவெடுத்துச் செய்து தரும் கடை எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

வட்டம் நேர்கோட்டில் அளக்கிறது, மனிதர்கள் சாலையில் வருகிறார்கள்

விளம்பரத் தளங்களில் ஆரம் என்பது பறவை பறக்கும் தொலைவு. சாலை வழியாக அது கூடும். நடுவில் ஆறோ ரயில் பாதையோ இருந்தால் பல மடங்குகூட ஆகலாம். அதனால் வட்டத்தின் விளிம்பில் எட்டுத் திசையிலும் ஒவ்வொரு புள்ளியை எடுத்து, வரைபடச் செயலியில் கடைக்கு வழி கேட்டுப் பாருங்கள். நெரிசலான மாலை நேரத்தில் ஒரு முறை, விடுமுறை நாளில் ஒரு முறை. கிலோமீட்டரைவிட நிமிடக் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் கடைக்குக் கிழக்கே 2 கிலோமீட்டரில் ஓர் ஆறு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாலம் வடக்கே 5 கிலோமீட்டர் தள்ளி. அக்கரை கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் சாலையில் 11 கிலோமீட்டர் சுற்ற வேண்டும். 200 பில்களில் அக்கரையிலிருந்து வந்தவர்கள் மூன்றே பேர். மேற்கே 9 கிலோமீட்டரில் நம் ஊரைவிடப் பெரிய ஊர் ஒன்று. அங்கிருந்து நான்கு பேர். தெற்கே மட்டும் நிலைமை வேறு. நேரான பெரிய சாலை, 8 கிலோமீட்டரில் ஒரு சிற்றூர், அங்கே கண்ணாடிக் கடையே இல்லை. 6 முதல் 10 கிலோமீட்டர் வரை வந்த 22 பேரில் 15 பேர் அந்த ஒரே ஊர்க்காரர்கள்.

இதைப் பார்த்தபின் 10 கி.மீ. வட்டம் போட மனம் வராது. இங்கே நமக்கு வேண்டியது கடையை நடுவில் வைத்த 6 கி.மீ. வட்டம், தெற்குச் சிற்றூரின் மேல் 2 கி.மீ. வட்டம், அக்கரைப் பகுதிகளுக்கு விலக்கு. ஒரே பெரிய வட்டத்தைவிட, சின்னச் சின்ன வட்டங்களைத் தேவையான இடத்தில் வைப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கணக்குத் தெரியும் என்பது இதில் கூடுதல் நன்மை.

கூகுளில் பதிவு செய்வது

கேம்பெய்ன் என்பது தனி பட்ஜெட்டும் தனி எல்லையும் கொண்ட ஒரு விளம்பரத் தொகுப்பு. அதன் அமைப்புகளில் "Locations" பகுதிக்குப் போய், "Enter another location" என்பதைத் தேர்ந்து, "Advanced search" என்பதைத் திறந்தால், "Radius" என்ற தேர்வு இருக்கும். அலகு மைலா கிலோமீட்டரா என்பதை முதலில் பாருங்கள். மைலில் 5 என்று போட்டால் அது 8 கிலோமீட்டர். வட்டத்தின் மையத்துக்கு ஊர்ப் பெயரைக் கொடுக்காதீர்கள், கடையின் முகவரியைக் கொடுங்கள். ஊர்ப் பெயரைக் கொடுத்தால் மையம் வேறெங்காவது விழும். கடை ஊரின் ஓரத்தில் இருந்தால் வட்டத்தின் பாதி தவறான பக்கம் போய்விடும்.

தெற்குச் சிற்றூரை அதே கேம்பெய்னில் சேர்ப்பதைவிட, தனிக் கேம்பெய்னாக வைத்து மொத்தப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். முன்பு சொன்ன சோதனை இதுதான். ஒரே கேம்பெய்னில் இருந்தால் எந்த வட்டத்துக்கு எவ்வளவு போகும் என்பது உங்கள் கையில் இருக்காது. தனியாக இருந்தால் சோதனை தோற்றாலும் இழப்பு அந்த ஐந்தில் ஒரு பங்கோடு நிற்கும்.

விலக்குவதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கூகுளில் வட்டத்தைச் சேர்க்கலாம், ஆனால் வட்டத்தை விலக்க முடியாது. பெயருள்ள இடங்களை, அதாவது ஊர், பகுதி, அஞ்சல் குறியீடு போன்றவற்றைத்தான் விலக்க முடியும். அக்கரையில் இருக்கும் பகுதிகளைப் பெயர் சொல்லித் தேடி ஒவ்வொன்றாக "Exclude" செய்ய வேண்டும். பட்டியலில் அந்தப் பெயர் வரவில்லையென்றால் வேறு வழி, மையத்தைக் கொஞ்சம் மேற்கே நகர்த்தி வட்டத்தைச் சிறிதாக்குவது. அக்கரை வெளியே போய்விடும். கடை நட்ட நடுவில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

எல்லாவற்றையும் கெடுக்கும் ஒரு தேர்வு

வட்டத்தை எவ்வளவு கவனமாக வரைந்தாலும், "Location options" என்ற சிறிய மடிப்புக்குள் இருக்கும் தேர்வை மாற்றாவிட்டால் பயன் குறைவு. கூகுள் முன்கூட்டியே தேர்ந்து வைத்திருப்பது இது:

```
Presence or interest
```

இதன்படி, வட்டத்துக்குள் இருப்பவர்களோடு, அந்த இடத்தில் ஆர்வம் காட்டியவர்களுக்கும் விளம்பரம் போகும். 500 கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து உங்கள் ஊர்ப் பெயரைத் தேடுகிறவரும் இதில் அடக்கம். தங்கும் விடுதிக்கு இது மிகச் சரியான தேர்வு, ஏனென்றால் விடுதிக்கு வருகிறவர் தேடும்போது வேறு ஊரில்தான் இருப்பார். கண்ணாடிக் கடைக்கு அப்படியில்லை. இதை மாற்றி வைக்க வேண்டும்:

```
Presence: People in or regularly in your included locations
```

இப்போது எல்லைக்குள் இருப்பவர்கள், வழக்கமாக அங்கே இருப்பவர்கள் ஆகியோருக்கு மட்டும் விளம்பரம் போகும். அந்த "வழக்கமாக" என்பதைக் கவனியுங்கள். தினமும் உங்கள் ஊருக்கு வேலைக்கு வந்துவிட்டு மாலையில் 30 கிலோமீட்டர் தள்ளி வீட்டுக்குத் திரும்புகிறவரும் அதில் சேர்வார். அவர் இரவில் வீட்டிலிருந்து தேடினாலும் விளம்பரம் வரலாம். இது தவறில்லை, மதிய இடைவேளையில் கடைக்கு வரக்கூடியவர் அவர்.

வெளியூரில் இருந்துகொண்டு உண்மையிலேயே உங்கள் ஊரில் கடை தேடுகிறவர்களை இழக்கிறோமே என்ற கவலை இருந்தால், ஊர்ப் பெயர் சேர்ந்த தேடல் சொற்களை மட்டும் வைத்து, பெரிய எல்லையோடு ஒரு சிறு கேம்பெய்ன் தனியாகப் போடலாம். இரண்டு வகைத் தேடலையும் ஒன்றாகக் கலக்காமல் இருந்தால் போதும்.

வட்டம் மிகச் சிறியதானால்

இவ்வளவும் கேட்டபின் சிலர் 1 கிலோமீட்டருக்கு இறங்கிவிடுவார்கள். அதுவும் சிக்கல்தான். ஒருவர் எங்கே இருக்கிறார் என்பதைக் கூகுள் ஜி.பி.எஸ்., அருகிலுள்ள வைஃபை, செல்பேசிக் கோபுரம், ஐ.பி. முகவரி போன்ற குறிப்புகளிலிருந்து ஊகிக்கிறது. ஜி.பி.எஸ். கிடைத்தால் துல்லியம் நன்றாக இருக்கும். ஐ.பி. முகவரி மட்டும்தான் கிடைக்கிறது என்றால், உங்கள் பக்கத்துத் தெருக்காரரை வேறொரு நகரத்தில் இருப்பவராக எண்ணிவிடவும் வாய்ப்பு உண்டு. வட்டம் சிறிதாகச் சிறிதாக இந்தப் பிழையின் பாதிப்பு கூடும். விளம்பரம் விட்டுவிட்டு வரும், அல்லது வராமலே போகும்.

அறிகுறி எளிது. பட்ஜெட் செலவாகாமல் கிடக்கும், விளம்பரம் எத்தனை முறை காட்டப்பட்டது என்று சொல்லும் "Impressions" எண் பல நாள் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். தேடல் சொற்களும், ஒரு கிளிக்குக்கு நீங்கள் தர முன்வரும் ஏலத் தொகையும் சரியாக இருந்தும் இப்படி ஆனால், ஆரத்தை ஒவ்வொரு கிலோமீட்டராகக் கூட்டுங்கள். நடந்து மட்டுமே வரக்கூடிய கடையாக இருந்தாலும் தேடல் விளம்பரத்தில் 2 கிலோமீட்டருக்குக் கீழே போக நான் தயங்குவேன்.

நான்கு வாரம் கழித்து எதைப் பார்ப்பது

இடையில் கை வைக்காமல் நான்கு வாரம் ஓடவிடுங்கள். அப்புறம் "Insights and reports" என்பதன் கீழே "When and where ads showed" பக்கத்துக்குப் போய், "Matched locations" அறிக்கையைத் திறந்து பாருங்கள். நீங்கள் எங்கே குறிவைத்தீர்கள் என்பதைச் சொல்வது வேறு அட்டவணை. இது கிளிக் செய்தவர்கள் எந்த இடத்தோடு பொருத்தப்பட்டார்கள் என்பதைச் சொல்லும்.

நம் எடுத்துக்காட்டில் உள்வட்டத்துக்கு 180 கிளிக், அதில் 27 பேர் தொலைபேசியில் அழைத்தார்கள் அல்லது கடைக்கு வழி பார்த்தார்கள். கிட்டத்தட்ட 7 கிளிக்குக்கு ஒருவர். தெற்குச் சிற்றூரில் 60 கிளிக், 3 பேர். 20 கிளிக்குக்கு ஒருவர். இதைப் பார்த்ததும் தெற்கை நிறுத்தத் தோன்றும். பொறுங்கள். மூன்று என்பது மிகச் சிறிய எண். இன்னும் இரண்டு பேர் அழைத்திருந்தால் படமே மாறியிருக்கும். கடையில் கேட்டு எழுதிவைத்த குறிப்பைப் பாருங்கள். அந்த ஊரிலிருந்து இந்த நான்கு வாரத்தில் புதிதாக எத்தனை பேர் வாங்கினார்கள்? ஓட்டம் நீண்டு 200 கிளிக் ஆன பிறகும் இதே விகிதம், கடையிலும் புது முகம் இல்லை என்றால் நிறுத்தலாம். அழைத்த மூவருமே வந்து வாங்கியிருந்தால் அந்தக் கேம்பெய்ன் தன் செலவை ஈடுகட்டிக்கொண்டிருக்கலாம். ஒரு விற்பனையில் உங்களுக்கு என்ன மிஞ்சுகிறது என்பதை வைத்துத்தான் அதைச் சொல்ல முடியும்.

அதே அறிக்கையில் 60 கிலோமீட்டர் தள்ளி உள்ள ஒரு நகரத்தின் பெயரில் 9 கிளிக் என்று ஒரு வரி இருக்கலாம். மொத்தக் கிளிக்கில் சில விழுக்காடு இப்படி வருவது இயல்பு, விட்டுவிடுங்கள். பத்தில் ஒன்றைத் தாண்டினால் முதலில் "Location options" தேர்வு இன்னும் "Presence" ஆகவே இருக்கிறதா என்று சரிபாருங்கள். அது சரியாக இருந்த பிறகுதான் அந்த நகரத்தை விலக்குவது பற்றி யோசிக்க வேண்டும். அவசரப்பட்டு விலக்கினால் ஆபத்து உண்டு: இணைய நிறுவனத்தின் ஐ.பி. முகவரிகள் அந்த நகரத்தின் பெயரில் பதிவாகியிருந்தால், வெளியே தள்ளப்படுகிறவர்கள் உங்கள் ஊர்க்காரர்களாகவே இருக்கலாம். விலக்கியபின் ஒரு வாரத்துக்குள் உள்வட்டத்தின் எண்ணிக்கையும் சரிந்தால், அதுதான் நடந்திருக்கிறது. விலக்கை எடுத்துவிடுங்கள்.

தொலைபேசி அழைப்புகளும் தகவல் சொல்லும். "உங்களுக்கு இந்த ஊரில் கிளை இருக்கிறதா?" என்று ஒரே வாரத்தில் பலர் கேட்டால், எல்லை அந்த ஊர்வரை நீண்டிருக்கிறது என்று பொருள்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் என்றால்

இங்கே ஊர்ப் பெயரைத் தட்டினால், அதனோடு பல கிலோமீட்டர் ஆரம் தானாகவே ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கவனிக்காமல் விட்டால் நீங்கள் ஒரு மாவட்டத்துக்கே விளம்பரம் போட்டுக்கொண்டிருப்பீர்கள். ஊர்ப் பெயரை நீக்கிவிட்டு வரைபடத்தில் கடையின் மேல் பின் குத்துங்கள். பின் வைத்தால் ஆரத்தை 1 கிலோமீட்டர் வரை குறைக்கலாம். கூகுளில் முடியாதது இங்கே முடியும்: அக்கரையில் இன்னொரு பின் குத்தி அந்த வட்டத்தை விலக்கிவிடலாம்.

முன்பெல்லாம் அங்கே வசிப்பவர்கள், பயணமாக வந்தவர்கள் என்று பிரித்துத் தேர்வு செய்ய முடிந்தது. இப்போது வசிப்பவர்களும் அண்மையில் வந்துபோனவர்களும் ஒன்றாகத்தான் கிடைப்பார்கள். ஆகவே உங்கள் வட்டத்துக்குள் பெரிய ரயில் நிலையமோ பேருந்து நிலையமோ இருந்தால், வந்து இறங்கிப் போகிறவர்களுக்கும் விளம்பரம் சேரும். முடிந்தால் அந்த நிலையம் வெளியே விழும்படி பின்னை நகர்த்திப் பாருங்கள்.

கூகுளில் ஒருவர் தேவை வந்து தேடுகிறார். இங்கே அவர் வேறெதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது நாம் குறுக்கே வருகிறோம். தேடாதவரை 5 கிலோமீட்டர் வரவழைப்பது கடினம். அதனால் தேடல் விளம்பரத்தைவிடச் சற்றுச் சிறிய வட்டத்தில், நம் கடைக்கு 3 கிலோமீட்டரில், தொடங்குவேன். ஆனால் ஆட்கள் குறைவு என்றால் அதே முகங்களுக்கே விளம்பரம் திரும்பத் திரும்பப் போகும். "Frequency" என்ற எண் ஒருவர் சராசரியாக எத்தனை முறை பார்த்தார் என்பதைக் காட்டும். ஒரே வாரத்தில் அது 4, 5 என்று ஏறி, அழைப்புகள் மட்டும் குறைந்துகொண்டே வந்தால், அந்த வட்டத்தில் இந்த விளம்பரத்துக்கான ஆட்கள் தீர்ந்துவிட்டார்கள். அப்போது முதலில் தினசரிச் செலவைக் குறையுங்கள். பிறகு படத்தை மாற்றுங்கள். இரண்டும் உதவாதபோது மட்டும், பில்களில் ஆட்கள் அதிகம் தெரிந்த திசையில் இன்னொரு பின்னைச் சேருங்கள்.